“கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் மேடம்” என்று எழுதினால் போதாது

வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மா, பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை என்னிடம் காட்டினார். ஆறாம் வகுப்புப் பையன். “என் மகனுக்கு டிஸ்லெக்சியா, கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் மேடம்” என்று இரண்டே வரி, கூடவே மொத்த மதிப்பீட்டு அறிக்கையும். டீச்சரும் கவனித்துக்கொண்டார், நல்ல மனதோடுதான்: முதல் பெஞ்சில் உட்காரவைத்து, பழக்கமாகட்டும் என்று தினமும் எழுந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார். இரண்டே வாரத்தில் பையனுக்குக் காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்துவிட்டது.

சிறப்புக் கல்வியாளராக நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. டிஸ்லெக்சியா என்பது படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு. ஆனால் நோயின் பெயரைச் சொல்வதுபோல அந்தப் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம், வகுப்பில் என்ன நடக்கிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

அந்த அம்மாவோடு உட்கார்ந்து கடிதத்தைத் திரும்ப எழுதினோம். முதலில் அவனுடைய அறிவியல் நோட்டைத் திறந்து பார்த்தோம். போர்டில் பதினோரு வரி இருந்த நாளில் நோட்டில் மூன்றரை வரிதான். மற்றவர்கள் ஒரு வார்த்தையை மொத்தமாக மனதில் பிடித்துக்கொண்டு எழுதுவார்கள், இவன் இரண்டு எழுத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்து எழுதுகிறான், அதற்குள் போர்டை அழித்துவிடுகிறார்கள். அதை அப்படியே எழுதி, “போர்டில் எழுதுவதன் நகலோ, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் போட்டோ எடுக்க அனுமதியோ தாருங்கள்” என்று கேட்டோம். அடுத்து, திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம், படிக்க வைப்பதானால் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் விடை சரியாக இருந்தால் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க வேண்டாம். இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். பத்து கேட்டால் நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சர் எதைத்தான் நினைவில் வைப்பார்?

பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலருக்குத் தனிக் கடிதம், அறிக்கை அவருக்கு மட்டும். எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் யார் சொல்வது என்பதை அதில் கட்டாயம் கேளுங்கள். இவனுக்கே ஒருநாள் வேறொருவருக்குப் பதிலாக வந்த டீச்சர், விஷயம் தெரியாமல் படிக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் தேர்வு நேரம். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், அதே கணக்கில் 45 நிமிட வகுப்புத் தேர்வுக்கு 15 நிமிடம் கேட்டோம். ஆனால் கேள்வியையே படிக்கத் திணறும் பிள்ளைக்கு நேரம் மட்டும் உதவாது, கேள்வியை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், அதையும் எழுதினோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது என்று ஒரே ஒரு வரி. மிரட்டலாக இல்லாமல், நிர்வாகத்திடம் பேச கவுன்சிலருக்குக் கையில் ஒன்று இருக்கட்டும் என்றுதான்.

ஆறு வாரம் கழித்துச் சந்திக்கத் தேதியும் கேட்டிருந்தோம். அந்தச் சந்திப்புக்கு அம்மா நோட்டை எடுத்துப் போனார். ஒட்டிய நகல்களுக்குக் கீழே அவன் சொந்தமாக எழுதிய விடைகள் இருந்தன, பிழைகளோடு, ஆனால் முழுதாக. சத்தமாகப் படிப்பதில் இன்னும் திணறல்தான். அதற்கு என்னிடம் வாரம் மூன்று நாள் வருகிறான்.