சிவப்பு விளக்கும் 404 வோல்ட்டும்

மார்ச் மாத மதியம் 12:40க்கு மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மன்னார்குடி பக்கம் அவர் வீட்டு மாடியில் 540 வாட் சோலார் பேனல்கள் 9, ஒன்றோடொன்று தொடராகக் கோத்து, கீழே சுவரில் அந்த மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 5 கிலோவாட் இன்வெர்ட்டர். போட்டோவுக்குக் கீழே ஒரு வரி: "இன்வெர்ட்டர் போயிடுச்சு மாப்ள. புதுசுதான் வாங்கணும்னு சொல்றாங்க."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் இருந்தது இவ்வளவுதான்:

```
Grid OV
Pac      0 W
E-Today  6.9 kWh
Vpv      404 V
Vac      249 V
Fac      50.02 Hz
```

எல்லாரும் முதலில் பார்ப்பது Pac. அது இந்த நொடியில் இன்வெர்ட்டர் வீட்டுக்கும் தெரு மின்கம்பத்துக்கும் தள்ளும் திறன். கொளுத்தும் வெயிலில் 0 என்றால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு அடுத்த வரியில் 6.9 இருக்கிறது. E-Today என்பது காலையிலிருந்து சேர்ந்த யூனிட் கணக்கு. Pac குழாயில் இப்போது வரும் நீரின் வேகம் என்றால், E-Today தொட்டியில் சேர்ந்த நீர். செத்துப்போன இன்வெர்ட்டர் 6.9 யூனிட் சேர்த்திருக்காது. காலையில் ஓடியிருக்கிறது, நடுவில் எப்போதோ நின்றிருக்கிறது.

எப்போது என்றும் தோராயமாகச் சொல்லலாம். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் தெளிவான நாளில் நான்கு யூனிட் அளவுக்குத் தரும். மாமாவிடம் இருப்பது 4.86 கிலோவாட், அதாவது நாளைக்குச் சுமார் 19 யூனிட். மதியம் பன்னிரண்டரைக்குப் பாதி, பத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். மூன்று யூனிட் குறைகிறது. வெயில் ஏறிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்திருக்கிறது.

(படத்தில் 6.9க்கு நடுவே உள்ள புள்ளி கண்கூச்சத்தில் மறைந்து 69 ஆகத் தெரிவதும் உண்டு. சிவப்பு எழுத்து எல்.இ.டி. திரைகளில் இலக்கங்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி மின்னுவதால், வேகமாக எடுத்த போட்டோவில் ஒரு இலக்கமே காணாமல் போகும். கண்ணுக்கு முழுசாகத் தெரிவது கேமராவுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் பத்து விநாடி வீடியோ எடுக்கச் சொல்வேன்.)

அடுத்து Vpv, பேனல் பக்கத்து வோல்டேஜ். என் சந்தேகத்தைத் தீர்த்தது இந்த 404தான். ஒரு பேனலிலிருந்து மின்னோட்டம் எடுக்காமல் சும்மா விட்டால் அதன் வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும். மாமா வீட்டுப் பேனலுக்கு அட்டையில் போட்டிருப்பது 49.6 வோல்ட், ஒன்பதுக்கு 446. அது 25 டிகிரியில் அளந்த கணக்கு. வெயிலில் பேனல் 60 டிகிரிக்குச் சூடேறும்போது வோல்டேஜ் பத்து சதவீதம் போல இறங்கும்; 404க்கு வந்துவிடும். மின்னோட்டம் எடுத்து வேலை வாங்கினால் அது இன்னும் இறங்கி 330 பக்கம் நிற்கும். ஆக 404 என்றால், ஒன்பது பேனலும் நலமாக வெயிலில் காத்திருக்கின்றன, இன்வெர்ட்டர்தான் அவற்றிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. ஒரு பேனலோ இணைப்போ விட்டுப்போயிருந்தால் இந்த எண் வராது.

பேனல் பக்கத்தைச் சோதிக்கிறேன் என்று கனெக்டரைக் கழற்றிவிட வேண்டாம் என்று மாமாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். 400 வோல்ட் நேர்மின்சாரம். மின்னோட்டம் ஓடும்போது பிரித்தால் தீப்பொறி தானாக அணையாது.

ஏன் எடுக்கவில்லை என்பதற்குத் திரையே பதில் சொல்கிறது: `Grid OV`. கம்பத்து மின்சாரத்தின் வோல்டேஜ் அதிகம். நம் நாட்டில் வீட்டு இணைப்பு 230 வோல்ட். அது 110 சதவீதத்தை, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் இரண்டு விநாடிக்குள் விலக வேண்டும் என்பது விதி. ஆனால் திரையில் கம்பத்துப் பக்கத்து வோல்டேஜான Vac 249 தானே இருக்கிறது? "அதான் சொல்றேன், மெஷின் பொய் சொல்லுது" என்றார் மாமா.

பொய் இல்லை. போட்டோ எடுத்தது விலகிய பிறகு. விலகியதும் வோல்டேஜ் இறங்கிவிடும். பிறகு கம்பத்து மின்சாரம் ஒரு நிமிடம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்வெர்ட்டர் மறுபடி சேரும். அந்த இடைவெளியில் அவர் போட்டோ எடுத்திருக்கிறார்.

"மாமா, அங்கேயே நில்லுங்க. விளக்கு பச்சையானதும் இன்னொரு போட்டோ எடுங்க" என்றேன். இரண்டு நிமிடத்தில் வந்தது:

```
Normal
Pac      3180 W
Vpv      331 V
Ipv      9.9 A
Vac      252 V
```

பேனல் வோல்டேஜ் 331ஐ பேனல் மின்னோட்டம் 9.9ஆல் பெருக்கினால் 3277 வாட் உள்ளே போகிறது. 3180 வெளியே வருகிறது. 97 சதவீதம். இன்வெர்ட்டர் போய்விட்டது என்று சொன்னவர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லை. சரி, அடுத்த போட்டோவில் மறுபடி சிவப்பு, Vac மறுபடி 249.

சும்மா இருக்கும்போது 249, ஓடும்போது 252. இந்த மூன்று வோல்ட் எங்கிருந்து வந்தது? மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமென்றால் இன்வெர்ட்டரின் முனையில் வோல்டேஜ் மீட்டரில் இருப்பதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். இடையிலுள்ள ஒயரின் தடை எவ்வளவோ அதற்கேற்ற உயரம். மாமா வீட்டில் மீட்டர் பெட்டி வாசலில், இன்வெர்ட்டர் பின்கட்டில். நடுவே 25 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போக வர 50 மீட்டர், கிட்டத்தட்ட கால் ஓம். 3180 வாட்டுக்கு 12.6 ஆம்பியர் ஓடினால் அதில் மூன்று வோல்ட்டும் சொச்சமும் ஏறும். தெருவில் ஒரு வோல்ட் கூடினால் போதும், வரம்பு தாண்டிவிடும்.

ஆக இரண்டு போட்டோவின் Vac வித்தியாசம் பெரும்பாலும் வீட்டு ஒயரின் கணக்கு. ஓடாதபோது நிற்கும் எண் தெருவின் கணக்கு. ஓடாமலேயே 252 காட்டினால் ஒயரை மாற்றிப் பயனில்லை. டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றித்தான் சரிசெய்ய முடியும், அது மின் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டிய வேலை. மாமாவுக்கு இரண்டும் பாதிப்பாதி. 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடச் சொன்னேன். தடை கால் ஓமிலிருந்து பத்தில் ஒரு பங்கு ஓமுக்கு இறங்கும். ஏற்றம் ஒன்றேகால் வோல்ட்டாகும்.

எல்லா சிவப்பு விளக்கும் இந்தக் கதை அல்ல. `PV Isolation` என்று வந்தால், அதுவும் மழை பெய்த மறுநாள் காலையில் வந்து வெயில் ஏறியதும் மறைந்தால், மாடியில் எங்கோ ஒயர் உரிந்து ஈரம் பட்டு மண்ணோடு தொடுகிறது. அதைத் தானாகச் சரியானதென்று விடக் கூடாது, ஆள் வைத்துத் தேட வேண்டும். `No Grid` என்றால் பெரும்பாலும் கரண்ட் கட், அல்லது பிரேக்கர் விழுந்திருக்கிறது. இரவில் திரையே இருண்டு கிடந்தால் பழுதில்லை. நிறைய இன்வெர்ட்டர்களின் திரை பேனல் மின்சாரத்தில்தான் எரிகிறது.

ஒயர் மாற்றிய வாரம் மாமா சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பிய போட்டோவில் E-Today 18.7. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், தெருவில் அரவை மில் மூடியிருப்பதால் வோல்டேஜ் ஏறி, நடுப்பகலில் இன்னும் ஓரிரு முறை சிவப்பு வருகிறதாம். மின்சாரம் வீட்டிலேயே செலவாகட்டும் என்று அந்த நேரத்துக்குக் கிணற்று மோட்டாரைப் போட்டுவிடுகிறார்.