சமையலறைக் கதவுக்கு இரண்டு பக்கம்

கையில் தட்டோடு சமையலறையிலிருந்து வெளியே வரும் சர்வரை, கதவைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும் கவனித்துப் பாருங்கள். உள்ளே இருந்தபோது முகம் கடுகடுவென்று இருந்திருக்கும், மாஸ்டரோடு ஏதோ வாக்குவாதம் பாதியில் நின்றிருக்கும். கதவு திறந்ததும் தோள் நிமிர்கிறது, நடை நிதானமாகிறது, உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழகிப்போன சர்வருக்கு இதெல்லாம் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை, கைக்குக் கை தட்டு மாற்றுவது போலத் தானாக நடக்கும்.

இந்தக் கதவை சமூகவியலுக்குள் கொண்டுவந்தவர் எர்விங் காஃப்மன். கனடாவில் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது 1949 முதல் 1951 வரை ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில் போய்த் தங்கி, அங்குள்ளவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்தார். அங்கே ஒரு சிறிய ஹோட்டல் இருந்தது. நடத்தியவர்கள் உள்ளூர் விவசாயக் குடும்பத்துக்காரர்கள், வந்து தங்கியவர்களோ வெளியிலிருந்து வரும் வசதியான நடுத்தர வர்க்கத்தினர். சாப்பாட்டு அறையில் எல்லாம் விருந்தாளிகளின் பழக்கப்படி நடக்கும். சமையலறைக்குள் போனால் தீவு வாழ்க்கை. அடுப்பு மேலிருக்கும் கெட்டிலில் ஈரக் காலுறை காயும், மிச்சமிருக்கும் சூப்பின் மேல் சில சமயம் பூஞ்சணம் படர்ந்திருக்கும், விருந்தாளிகள் பாதி தொட்டுவிட்டு வைத்த வெண்ணெய் மறுபடி உருட்டப்பட்டுப் புத்தம்புதிதாக மேஜைக்குத் திரும்பும்.

பார்வையாளர் இருக்கும் இடத்தை அவர் முன்மேடை என்றார், அவர்கள் எட்டிப் பார்க்க முடியாத இடத்தைப் பின்மேடை என்றார். இதை விளக்கும் புத்தகத்தின் முதல் வடிவம் 1956-ல் வந்தது. நாடகக் கொட்டகையிலிருந்து எடுத்த சொற்கள்தான், புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. ஆனால் பலரும் இதை "வெளியே நடிப்பு, உள்ளே நிஜம்" என்று சுருக்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது பாதிதான் சரி, மீதிப் பாதிக்கு அந்தக் கதவிடமே திரும்பப் போகவேண்டும்.

அந்த ஹோட்டலில் சமையலறைக் கதவு பற்றித் தினமும் ஒரு மௌனச் சண்டை நடந்தது என்று காஃப்மன் எழுதுகிறார். பரிமாறும் பெண்களுக்குக் கதவு திறந்திருக்கவேண்டும், ஏனென்றால் இரண்டு கையிலும் டிரே இருக்கிறது, அதோடு விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்தார்களா அடுத்ததைக் கொண்டுபோகலாமா என்று உள்ளிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஹோட்டலை நடத்தியவர்களுக்கோ மூடியிருக்கவேண்டும். ஒருவர் கோபமாகச் சாத்துவார், இன்னொருவர் கோபமாகத் திறப்பார். வேலை செய்யும் பெண்கள் விருந்தாளிகள் முன்னால் எப்படியும் பணிப்பெண்களாகத்தான் நிற்கிறார்கள், அவர்கள் அடுக்களையில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது பார்த்துவிட்டால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? நடத்துபவர்கள் கதை வேறு. விருந்தாளிகளுக்குச் சமமான மனிதர்களாக வெளியே தெரிகிறார்கள், அந்தத் தோற்றம் ஒரு எட்டிப்பார்த்தலில் கலைந்துவிடும். ஆக, எந்தக் கதவு மூடியிருக்கவேண்டும் என்பதை முடிவு செய்வது, திறந்தால் யாருக்கு என்ன போகும் என்கிற கணக்கு. உதைத்தால் திறந்து தானே மூடிக்கொள்ளும் கதவோ, கதவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலோ இருந்திருந்தால் சண்டை குறைந்திருக்கும் என்றும் அவரே சொல்கிறார். இன்று பல உணவகங்களில் சமையலறைக் கதவு அப்படித்தான் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள்.

சரி, ஒரு தவறு நடந்தால் இதெல்லாம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ஏழாம் டேபிளில் நாலு பேர். ஆர்டர் எடுத்த சர்வர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வழியில் வேறொருவர் பில் கேட்டதால் அதைக் கவனிக்கப் போய்விட்டார், சீட்டு உள்ளே போகவே இல்லை. இருபது நிமிஷம் கழித்து ஏழாம் டேபிளிலிருந்து ஒருவர் கை தூக்குகிறார். சர்வருக்கு அப்போதுதான் உறைக்கிறது. முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. "இதோ ரெடி ஆகிட்டே இருக்கு சார்" என்கிறார். அப்புறம் ஓடக்கூடாது, ஓடினால் ஏதோ தவறு என்று எல்லா டேபிளுக்கும் தெரிந்துவிடும், அதனால் எப்போதும் போலவே நடந்து கதவு வரை போகிறார். கதவைத் தாண்டியதும் குரல் மாறுகிறது. "மாஸ்டர், ஏழு விட்டுப்போச்சு, முதல்ல அதப் போடுங்க." மாஸ்டர் அடுப்பிலிருந்து திரும்பாமலேயே அவருக்கு அர்ச்சனை நடத்துகிறார். ஆனாலும் ஏழுக்குத்தான் முதலில் சட்டி ஏறுகிறது.

இதற்குள் சூப்பர்வைசர் ஏழாம் டேபிளுக்குப் போய்விட்டார். "இன்னைக்குக் கூட்டம் கொஞ்சம் அதிகம் சார், அஞ்சே நிமிஷம்" என்கிறார். தவறு யாருடையது என்று அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்து அதே சர்வரை ஒரு பிடி பிடிப்பார். இதைத்தான் காஃப்மன் அணி என்கிறார். ஒரு நிகழ்ச்சியை நடத்துவது தனி ஆள் இல்லை, ஒரு கூட்டம். பார்வையாளர் முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக்கூடாது, கணக்குத் தீர்ப்பதெல்லாம் கதவுக்குப் பின்னால். இது உடைந்தால் உடனே தெரியும். சூப்பர்வைசர் டேபிள் பக்கத்திலேயே நின்று சர்வரைத் திட்டினால், நியாயம் சாப்பிட வந்தவர்கள் பக்கம்தான், ஆனாலும் அவர்களே தலையைக் குனிந்து தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். காட்டக்கூடாததைக் காட்டிவிட்ட கூச்சம் அது, பார்த்தவரையும் ஒட்டிக்கொள்கிறது. உள்ளிருந்து மாஸ்டர் கத்துவது கேட்டாலும் அப்படித்தான், கேட்காத மாதிரி தண்ணீரை எடுத்துக் குடிப்பார்கள். நாடகத்தைக் காப்பாற்றுவதில் பார்வையாளருக்கும் பங்கு உண்டு.

அந்தச் சீட்டை மறுபடி பார்க்கவேண்டும். 1940-களில் அமெரிக்க உணவகங்களை ஆராய்ந்த வில்லியம் ஃபூட் வைட், அங்கே பரிமாறும் பெண்கள் அழுதுவிடுவதைப் பார்த்தார். வெளியே சாப்பிட வந்தவர்களின் அவசரம், உள்ளே சமையல்காரர்களின் எரிச்சல், இரண்டுக்கும் நடுவில் இவர்கள். சமையல்காரர்களுக்குத் தாங்கள்தான் மேலானவர்கள் என்கிற எண்ணம், ஆனால் வேலையின் அமைப்புப்படி அவர்களுக்கு "இதைச் செய், அதைச் செய்" என்று சொல்வது இந்தப் பெண்கள். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆர்டர் சீட்டுகளைக் குத்தி வைக்கும் சுழலும் கம்பி ஒன்றைக் கவுண்டரில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்கிறது என்று வைட் சொன்னார். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, காகிதம் சொல்கிறது, எந்தச் சீட்டை எப்போது எடுப்பது என்பதும் சமையல்காரர் கையில். யாரும் யாருக்கும் உத்தரவு போடாத மாதிரி ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது.

பாருங்கள், இது நடப்பது பின்மேடையில். சர்வருக்குச் சமையலறை பின்மேடைதான், ஆனால் மாஸ்டர் முன்னால் அவர் நிற்கும்போது அங்கேயும் ஒரு பார்வையாளர் இருக்கிறார், அங்கேயும் ஒரு முகம் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. கூட வேலை செய்கிறவர்களிடம் "அந்த மூணாம் டேபிள் ஆள் இருக்காரே" என்று பழிப்புக் காட்டிச் சிரிக்கிறாரே, அதுவும் ஒரு நிகழ்ச்சிதான், இந்தமுறை பார்வையாளர்கள் சக சர்வர்கள். அந்த மூணாம் டேபிள் ஆளை உண்மையிலேயே அவருக்குப் பிடித்துக்கூட இருக்கலாம், ஆனால் கூட்டத்தில் அதைச் சொன்னால் எடுபடாது. ஆகவே பின்மேடை என்பது சுவரால் ஆன இடம் இல்லை. குறிப்பிட்ட ஒரு பார்வையாளர் அங்கே இல்லை, அவ்வளவுதான். அவர் உள்ளே வந்துவிட்டால் அதே சமையலறை அந்த நிமிஷமே முன்மேடை, சுகாதார ஆய்வாளர் வரும் நாளில் இதைப் பார்க்கலாம்.

இவ்வளவு நேரம் சர்வரையே சொல்லிக்கொண்டிருந்தேன், சாப்பிட வந்தவர்கள் மட்டும் என்னவாம். மெனு கார்டைக் கையில் வாங்கியதும் கண் முதலில் வலது பக்கம் விலைக்குப் போகிறது, ஆனால் விரல் இடது பக்கம் பெயர்களின் மேல் ஊர்கிறது. சர்வர் பக்கத்தில் நிற்கும்வரை "எது நல்லா இருக்கும்?" என்ற பேச்சு, அவர் நகர்ந்ததும் "இவ்வளவு விலையா, ரெண்டு வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கலாமா" என்று தலைகள் நெருங்குகின்றன. அந்த மேஜை நாலு பேருக்கும் பின்மேடை ஆகிவிட்டது. அவர் திரும்ப வருவது தெரிந்ததும் பேச்சு சட்டென்று வேறு விஷயத்துக்குத் தாவும். கடைசியில் அவர் "எல்லாம் நல்லா இருந்ததா?" என்று கேட்க, உப்பு கரித்ததைப் பற்றி இவ்வளவு நேரம் புலம்பியவரே "சூப்பர்" என்பார். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் சர்வர் வந்தால் எப்போதும் பேச்சு நிற்பதில்லை, இதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும். குடும்பச் சண்டை, கடன் விவகாரம், அலுவலக ரகசியம் எல்லாம் அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே தொடரும். சில வேலைகளில் இருப்பவர்களை எதிரில் இருந்தும் இல்லாதவர்களாக நடத்துகிறோம் என்று காஃப்மன் இதையும் கவனித்திருக்கிறார். விலையைப் பற்றிப் பேசும்போது அவர் பார்வையாளர், மாமியாரைப் பற்றிப் பேசும்போது அவர் ஒரு நாற்காலி. அவரும் ஒத்துழைத்து, எதுவும் காதில் விழாத முகத்தோடு தம்ளரை வைத்துவிட்டு நகர்வார். காதில் விழுந்ததெல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விடும்.

இப்போது பல உணவகங்களில் சமையலறையைக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரியும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். ஒளிவுமறைவே இல்லை என்று காட்டத்தான். பின்மேடை ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் அது இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பாத்திரம் கழுவும் அறை, குளிர்சேமிப்பு அறை, குப்பைத் தொட்டி வைத்திருக்கும் பின்வாசல். கண்ணாடிக்குள் நிற்கும் மாஸ்டர் கத்துவதில்லை, கண்ணாலும் தலையசைப்பாலும் திட்டுகிறார், கரண்டியில் எடுத்து ருசி பார்ப்பதைக்கூட இரண்டு பேர் பார்க்கும் விதத்தில் செய்கிறார். முன்பெல்லாம் அடுப்படி சூட்டில் முகத்தைக் கன்னாபின்னாவென்று வைத்துக்கொள்ளும் உரிமையாவது அவருக்கு இருந்தது. சர்வருக்கு இன்னும் தாண்டிப்போக ஒரு கதவு இருக்கிறது, இவர் பத்து மணிநேரமும் கண்ணாடிக்குள்ளேயே நிற்கிறார். இரவு கடைசி டேபிள் எழுந்துபோகும் நேரத்தில், பின்வாசலில் குப்பைத் தொட்டி பக்கத்தில் ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் ஐந்து நிமிஷம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.