வட்டியில் வெட்டின காசும் வயதானவர்கள் கேட்டு வாங்க வேண்டிய சீலும்

யாழ்ப்பாணத்தில் வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிற எனக்கு, கடந்த ஒரு வருடமாக அதிகம் வருகிறவர்கள் வியாபாரிகள் இல்லை, நிலையான வைப்பு வட்டியை நம்பியிருக்கிற ஓய்வூதியக்காரர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிக்கிற வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. அதே நாளிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம் வரை, வருமானத்துக்கு வரி இல்லை என்ற விலக்கும் வந்தது. இந்த எல்லைக்குள் இருக்கிறவர் ஒரு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் வட்டியை வெட்டாமல் முழுதாகப் போடுவார்கள். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் உதவி மேசைக்குத்தான் போகிறார்கள்.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் கதையைச் சொன்னால் விளங்கும். எழுபத்தைந்து வயது, கைத்தொலைபேசியில் அழைப்பு எடுக்க மட்டும் தெரியும், இணையம் என்றால் பேரப்பிள்ளைகளின் விஷயம். காணி விற்ற காசு வைப்பில் இருக்கிறது, மாதம் 90,000 ரூபாய் வட்டி, பென்சன் 65,000. இரண்டையும் கூட்டினால் 1,55,000 வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் "ஒன்றரையைத் தாண்டீட்டுது, நீங்கள் அந்தப் படிவத்திலை கையெழுத்து வைச்சால் பொய்ச் சத்தியம்" என்று பயமுறுத்தியிருக்கிறார். அந்தக் கணக்கு பிழை. அரசாங்க ஓய்வூதியம் வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டது, இந்தக் கூட்டலுக்குள் அது வராது. அவருடைய கணக்கில் நிற்பது வட்டி மட்டும்தான், வருடத்துக்கு 10,80,000. எல்லைக்கு நன்றாகக் கீழே. (தனியார் நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வூதியம் எடுக்கிறவர்கள், வீட்டு வாடகை வருகிறவர்கள் இதைத் தங்களுக்கும் பொருத்திவிட வேண்டாம், உங்கள் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.)

பயத்தில் அவர் படிவம் கொடுக்காமலே இருந்துவிட்டதால், ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை மாதம் 9,000 ஆக 45,000 ரூபாய் போயிருந்தது. உதவி மேசைக்கு அவர் கொண்டுபோன பையை நான் பார்த்தேன், ஒரு குறையும் சொல்ல முடியாது. தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், வங்கிப் புத்தகம், பென்சன் துண்டு, வங்கி கொடுத்த வரிப் பிடிப்புச் சான்றிதழ், கையால் எழுதிய ஒரு கடிதம். எல்லாம் இரண்டு பிரதி. மேசையிலிருந்த பிள்ளையிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: "பிள்ளை, இதை எடுத்துக்கொண்டு மற்றதிலை ஒரு சீல் குத்தித் தாங்கோ."

அந்தச் சீலைக் கேட்டது மிகச் சரி. ஆனால் அவர் கையில் இருந்தவை மூன்று வெவ்வேறு அலுவல்களுக்கான கடதாசிகள், ஒரே மேசையில் ஒரே சீலுக்கு அடங்குகிறவை இல்லை.

முதலாவது, டின் நம்பர், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். அது இல்லாமல் சுயபிரகடனம் செல்லாது. பலருக்கு அடையாள அட்டை விபரத்தை வைத்துத் திணைக்களமே ஏற்கனவே இலக்கம் கொடுத்திருக்கிறது, அவர்களுக்குத்தான் தெரியாது. ஆகவே புது விண்ணப்பம் நிரப்பும் முன்னர் "என்ரை அடையாள அட்டைக்கு டின் இருக்கோ, பாருங்கோ" என்று கேளுங்கள். அதிபருக்கு இருந்தது. பழைய அட்டையில் V எழுத்தோடு முடிகிற இலக்கமும் புதிய அட்டையின் பன்னிரண்டு இலக்கமும் ஒரே ஆளுக்கு இருப்பதால், இரண்டையும் கொடுத்துத் தேடச் சொல்வது நல்லது. இலக்கம் இருந்தால் அதன் சான்றிதழை அச்சில் வாங்குங்கள். புதிதாக விண்ணப்பித்து அன்றே கிடைக்காவிட்டால், உங்கள் பிரதியில் திகதியோடு சீலும் வாங்கியவரின் கையொப்பமும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பதிவில் எந்தத் தொலைபேசி இலக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். திணைக்களத்தின் இணையச் சேவைக்குள் போவதற்கான இரகசிய இலக்கமெல்லாம் பதிவில் உள்ள தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும். பேரன் தன் இலக்கத்தைக் கொடுத்துப் பதிந்துவிட்டு இப்போது கனடாவில் இருக்கிறான் என்றால், இங்கே தாத்தா கதவுக்கு வெளியே நிற்கிறார். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற தொலைபேசியின் இலக்கத்தையே பதியச் சொல்லுங்கள், பழையதானாலும் குறுஞ்செய்தி வந்தால் போதும், வாசிக்கிறதுக்கு யாராவது கிடைப்பார்கள்.

இரண்டாவது, சுயபிரகடனம். இது போக வேண்டிய இடம் உங்கள் வைப்பு இருக்கிற வங்கி. வேறு வேறு வங்கிகளில் வைப்பு இருந்தால் ஒவ்வொன்றிலும் கொடுக்க வேண்டும். சீலை இங்கேதான் விடாமல் கேட்க வேண்டும். அதிபர் படிவம் கொடுத்த வங்கியில் "கொம்பியூட்டரிலை போடுறம் ஐயா, சீல் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள், அடுத்த மாதமும் 9,000 வெட்டுப்பட்டது. கேட்டபோது படிவம் வந்ததாகவே ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பக் கொடுத்தோம், இந்த முறை இரண்டாம் பிரதியில் திகதியும் சீலும் வாங்கிக்கொண்டு. அதற்குப் பிறகு வந்த வட்டி முழுதாக வந்தது. ஆக வெட்டினது 54,000.

மூன்றாவது, அந்த 54,000. இதை உதவி மேசையில் யாரும் எண்ணித் தரப் போவதில்லை, கடிதத்தாலும் வராது. வங்கி வெட்டின காசைத் திணைக்களத்துக்குக் கட்டிவிடும், பிறகு அதைத் திருப்பித் தரச் சொல்லிப் பயனில்லை. மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31 உடன் முடிந்த பிறகு வரி அறிக்கை ஒன்று போட்டு, அதில் மீளளிப்பாகக் கேட்க வேண்டும். 2025/26 ஆண்டுக்கான அறிக்கைக்கு 2026 நவம்பர் 30 கடைசி நாள். ஏப்ரலில் வங்கியிடம் முழு வருடத்துக்குமான பிடிப்புச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள பெயரும் டின் இலக்கமும் உங்களுடையதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் ஒரு இடத்தில் முதலெழுத்தாகவும் இன்னொரு இடத்தில் முழுப் பெயராகவும் கிடக்கும், காசு இழுபடுவது பெரும்பாலும் இதில்தான்.

அறிக்கையை இணையத்தில் போட வேண்டி வரும்போது வயதானவர்கள் கொமியூனிகேஷன் கடைக்குப் போகிறார்கள், போகலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் எல்லாம் நிரப்பி வரைவாகச் சேமித்துவிட்டு அதையே அச்சடித்துக் கையில் கொடுத்து "முடிஞ்சுது ஐயா" என்று அனுப்பின கடைகளும் உண்டு. சமர்ப்பித்தால் ஏற்புச் செய்தி ஒன்று இலக்கத்தோடும் திகதியோடும் வரும். அது இல்லாத கடதாசி எத்தனை பக்கம் இருந்தாலும் அறிக்கை போடப்படவில்லை என்றே அர்த்தம், அந்த ஒரு பக்கத்தை அச்சடித்துத் தந்த பிறகு காசைக் கொடுங்கள். இரகசிய இலக்கம் எழுதின துண்டையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரரின் கொப்பியில் அது கிடக்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் 1944 க்கு அழைத்தால் திணைக்களத்தோடு பேசலாம், அதற்கு இணையம் வேண்டாம். அப்புறம் இன்னொன்று, சுயபிரகடனம் அந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு மட்டும்தான். ஏப்ரல் பிறந்ததும், முதல் வட்டி விழுகிற நாளுக்கு முன்னர், இன்னொரு படிவமும் அதன் பிரதியும் வங்கிக் கருமபீடத்துக்குப் போக வேண்டும். அதிபர் அடுத்த வருடத்துப் படிவத்தை இப்போதே நிரப்பி வைத்திருக்கிறார், திகதியும் கையொப்பமும் மட்டும் போடவில்லை.