சுயமதிப்பீட்டில் பக் எண்ணிக்கையை எழுதும் டெஸ்டர்களுக்கு

ஆண்டு இறுதிச் சுயமதிப்பீட்டுப் படிவங்கள் வரத் தொடங்கிவிட்டன. இந்த முறையும் பெரும்பாலானவை "இத்தனை பக்குகளைப் பதிவு செய்தேன்" என்றே ஆரம்பிக்கின்றன. எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் போவதாக இல்லை.

பக் எண்ணிக்கை தரத்தின் அளவுகோல் அல்ல. நிரல் மோசமாக இருந்தால் அது தானாகவே கூடும். தேவை ஆவணத்தைப் படிக்கும்போதே ஓட்டையைக் கண்டு அடைக்கச் செய்த டெஸ்டருக்கு அது குறையும். ஒரே பிழையை ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனியாகப் பதிந்தவரோ இந்தக் கணக்கில் முன்னிலை பெற்றுவிடுவார். (அவர் யார் என்பது எல்லா டெவலப்பர்களுக்கும் தெரியும்.)

அண்மையில் வந்த ஒரு படிவத்தையே பார்ப்போம். பணம் செலுத்தும் பகுதியைச் சோதிக்கும் ஒருவர், முதல் அரையாண்டில் 90 பக்குகளும் இரண்டாவதில் 76 பக்குகளும் கண்டறிந்ததாக எழுதி, குறைந்துபோனதற்கு வருத்தமும் தெரிவித்திருந்தார். ரிலீஸுக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் கண்டறிந்த பிழைகளோ முதல் பாதியில் 30, இரண்டாம் பாதியில் வெறும் 4. மொத்தப் பிழைகளில் ரிலீஸுக்கு முன்பே பிடிபட்டவை முறையே 75, 95 விழுக்காடு.

ஆனால் அந்த 95ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள். முதல் பாதியின் ரிலீஸ்களில் பிழை வெளிப்பட மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. டிசம்பர் ரிலீஸோ இப்போதுதான் வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கிறது. அதனால் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முதல் 30 நாட்களில் வந்த புகார்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த 30 நாள் முடியாத டிசம்பர் ரிலீஸை விட்டுவிட்டோம். முதல் பாதியில் 90 பிடிபட, 18 தப்பியிருந்தன. இரண்டாம் பாதியில் டிசம்பர் ரிலீஸ் நீங்கலாக 46 பிடிபட, 4 தப்பியிருந்தன. ஆக, 83 விழுக்காடு 92 ஆகியிருக்கிறது. ஏற்றம் சிறியதுதான், ஆனால் யார் கேள்வி கேட்டாலும் நிற்கும்.

அதைவிட முக்கியமானதை அவர் எழுதவே இல்லை. தள்ளுபடி கூப்பனுடன் மூன்று பொருள் வாங்கியவர் ஒன்றை மட்டும் ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்ப வேண்டும் என்று தேவை ஆவணத்தில் இல்லை. முதல் பாதியில் தப்பிய பிழைகளில் கணிசமானவை இந்த இடத்தில் பிறந்தவை. ஜூலையில் அவர் கேள்வி எழுப்பிய பின்னரே, தள்ளுபடியைப் பொருளின் விலை விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்ற விதி எழுதப்பட்டது. அத்துடன் அந்த வகைப் புகார்கள் நின்றுபோயின. படிவத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது இதுதான்.

அதே காலத்தில் டெவலப்பர்கள் யூனிட் டெஸ்ட் எழுதத் தொடங்கியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மேலாளருக்கு அது ஏற்கெனவே தெரியும். தப்பியவற்றில் எத்தனை பணத்தைத் தொட்டவை, எத்தனை எழுத்துப்பிழைகள் என்று பிரித்துக் காட்டுங்கள். தயவுசெய்து, தப்பிய ஒவ்வொரு பிழைக்கும் ரிலீஸ் எண்ணையும் காரணத்தையும் வரும்போதே குறித்து வையுங்கள். படிவத்தின் கடைசி நாளில் அவற்றைத் தேடி எடுக்க முடியாது.