மெர்ஜ் ஆன பிறகு கொடுக்கும் அப்ரூவலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டின் தணிக்கைக் கோப்புகளை இப்போதுதான் பார்த்து முடித்தேன். கட்டாய ரிவ்யூ இல்லாமல், அட்மின் உரிமையைப் பயன்படுத்தி மெர்ஜ் செய்த மாற்றங்களின் பட்டியலைக் கேட்டால், பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் நான் போய்வரும் அலுவலகங்களில் ஒரே பதில்தான் வருகிறது: “அண்ணாச்சி, அதெல்லாம் பொறவு அப்ரூவ் பண்ணியாச்சுல்லா?” இந்தப் பதிலை இன்னொரு காலாண்டுக்கும் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய குழு அது. `main` பிராஞ்சில் எந்த மாற்றம் சேர வேண்டுமானாலும், எழுதியவர் அல்லாத ஒருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அவர்கள் வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் கட்டுப்பாடு. கிட்ஹப்பில் அதற்கான விதியையும் போட்டிருந்தார்கள். பில்லிங் பகுதியை ரிவ்யூ செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விடுப்பில் போயிருந்தார். செப்டம்பர் 30 இரவு, மாதக் கணக்கு முடிவதற்குள் வரித்தொகையை ரவுண்ட் செய்யும் கணக்கில் இருந்த பிழையைத் திருத்தியாக வேண்டிய நெருக்கடி வந்தது. டீம் லீட் தாமே திருத்தி, தாமே புல் ரிக்வெஸ்ட் போட்டு, தம்முடைய அட்மின் உரிமையால் தாமே மெர்ஜ் செய்துவிட்டார். விடுப்பு முடிந்து அக்டோபர் 6, திங்கட்கிழமை காலை வந்த அந்த ரிவ்யூவரிடம் “அந்த 318-ஐ அப்ரூவ் பண்ணிடுங்க” என்றார்கள், அவரும் பண்ணினார். காலாண்டு அறிக்கையில் 318-ஆம் புல் ரிக்வெஸ்டுக்கு நேராக “ரிவ்யூ செய்யப்பட்டது” என்று பச்சை நிறத்தில் நின்றது.

கிட்ஹப் இதைத் தடுக்காது. மெர்ஜ் ஆகிவிட்ட புல் ரிக்வெஸ்டிலும் அப்ரூவல் கொடுக்க அது இடம் தருகிறது. புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் அதே பச்சைக் குறியைக் காட்டுகிறது. அந்தக் குழு அறிக்கைக்காக எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் `APPROVED` என்ற நிலை ஓரிடத்திலாவது இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தது. எது முன், எது பின் என்று பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒரே வரி போதும்:

```
gh pr view 318 --json author,mergedBy,mergedAt,reviews
```

வந்த விடையில் நமக்கு வேண்டியவை இரண்டு நேரங்கள்தான்:

```
"mergedAt": "2025-09-30T18:10:42Z"
"state": "APPROVED", "submittedAt": "2025-10-06T04:52:10Z"
```

இவை உலகப் பொது நேரத்தில் உள்ளவை. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மெர்ஜ் நடந்தது செப்டம்பர் 30 இரவு 11.40-க்கு, ஒப்புதல் வந்தது அக்டோபர் 6 காலை 10.22-க்கு. இடைப்பட்ட நாட்களில் எவரும் படித்துப் பார்க்காத அந்தக் கணக்கு உண்மையான வாடிக்கையாளர்களுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தது. `author`, `mergedBy` இரண்டிலும் ஒரே பெயர் இருந்ததையும் கவனிக்க வேண்டும். (இந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்தால் காலாண்டின் எல்லையும் தவறும். அக்டோபர் 1 அதிகாலை 12.50-க்கு நடந்த மெர்ஜ், பதிவில் செப்டம்பர் 30 என்றுதான் இருக்கும். எந்த நேரக் கணக்கைக் கொள்கிறோம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.)

“பிறகு ஒருவர் படித்துவிட்டார், பிழை ஒன்றும் இல்லை, அப்புறம் என்ன குறை?” என்று கேட்கிறார்கள். தணிக்கையில் நாங்கள் சோதிப்பது நிரல் சரியா தவறா என்பதை அல்ல. எழுதியவரைத் தவிர இன்னொருவர் பார்க்காமல் எந்த மாற்றமும் புழக்கத்துக்குப் போகாது என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தத் தடுப்பு அந்தக் காலாண்டு முழுவதும் வேலை செய்ததா என்பதையே சோதிக்கிறோம். சேவை நிறுவனங்களைத் தணிக்கை செய்வதற்கான சாக் 2 அளவுகோல்களில் CC8.1 மாற்றங்களுக்கு ஒப்புதல் பெற்று நடைமுறைப்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது. அட்டைப் பணம் கையாளும் மென்பொருளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் 4.0.1-இன் 6.2.3.1-ஆம் விதியோ, நிரலை ஆட்கள் படித்துச் சரிபார்ப்பதானால், எழுதியவர் அல்லாத ஒருவர் படிக்க வேண்டும், வெளியீட்டுக்கு முன்பே நிர்வாகத்தின் ஒப்புதலும் இருக்க வேண்டும் என்கிறது. செப்டம்பர் 30 இரவு அந்தத் தடுப்பு வேலை செய்யவில்லை. அக்டோபர் 6-இல் யார் என்ன அழுத்தினாலும் செப்டம்பர் 30-இல் நடந்தது மாறப்போவதில்லை.

பின்னால் படித்துப் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. அது அவசியம். ஆனால் அது ஈடுசெய்யும் நடவடிக்கை. அதற்குரிய இடம் விதிவிலக்குப் பட்டியல். “இந்த மாற்றம் ரிவ்யூ இல்லாமல் சென்றது, காரணம் இது, முடிவெடுத்தவர் இவர், அவசர மாற்றத்துக்கான டிக்கெட் எண் இது, பின்னர் இன்னார் இந்தத் தேதியில் படித்துப் பார்த்து இதைக் கண்டார்” என்று எழுதினால், எந்தத் தணிக்கையாளரும் அதைப் படித்துவிட்டு, விதிவிலக்குகள் எத்தனை, அவை உங்கள் கொள்கைக்குள் நிற்கின்றனவா என்று பார்த்து மேலே போவார். அதையே “ரிவ்யூ ஆனது” என்ற கட்டத்தில் நீங்கள் சேர்த்து, நாங்கள் நேரத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தால், அந்த ஒரு வரிக்காக உங்கள் பட்டியல் முழுவதையும் நம்ப முடியாமல் போகிறது. 318-இல் அதுதான் ஆனது. சேதமும் அங்கே இருந்தது. வரித்தொகைத் திருத்தத்தோடு, பில்லை ரத்து செய்யும் இடத்தில் இருந்த ஓர் அனுமதிச் சோதனையும் அதே மாற்றத்தில் நீக்கப்பட்டிருந்தது. உள்ளூரில் சோதித்துப் பார்ப்பதற்காக எடுத்ததைத் திரும்ப வைக்க மறந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அப்ரூவ் கொடுத்தவர் அதைக் கவனிக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, முடித்துவிடச் சொல்லிக் கேட்டதன் பேரில் படிப்பவருடைய கண் அப்படித்தான் வேலை செய்யும்.

இனி பட்டியல் எடுக்கும் முறை. நிறுவனத்தின் ஆடிட் லாகில் இப்படித் தேடுங்கள்:

```
action:protected_branch.policy_override created:2025-07-01..2025-09-30
```

விதியை மீறி அட்மின் செய்தவை இதில் வரும். ரிவ்யூ இல்லாமல் போனதும், தானியங்கிச் சோதனை முடியாமலேயே போனதும் இதே பெயரில்தான் பதிவாகின்றன. ஆகவே ஒவ்வொன்றையும் அதன் புல் ரிக்வெஸ்டோடு வைத்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். விதி இருக்கும்போது அதை மீறினால்தான் இந்தப் பதிவு உண்டாகும்; விதியையே எடுத்துவிட்டு மெர்ஜ் செய்து, பிறகு விதியைத் திரும்பப் போட்டால் மீறல் என்று எதுவும் பதிவாகாது. அதே குழுவில் இரண்டு மாற்றங்கள் இவ்வாறு போயிருந்தன. `protected_branch.destroy` என்று ஒரு பதிவு, கால் மணி நேரத்துக்குள் `protected_branch.create` என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மெர்ஜ்கள்.

ஆகவே மறுமுனையிலிருந்தும் வர வேண்டும். காலாண்டின் தொடக்கத்தில் `main` எந்த கமிட்டில் நின்றது, முடிவில் எதில் நின்றது என்று குறித்துக்கொண்டு, இடைப்பட்ட அனைத்தையும் எடுங்கள்:

```
git rev-list --first-parent OLD..NEW
gh api repos/ORG/REPO/commits/SHA/pulls
```

முதல் வரி கமிட்டுகளின் முழுப் பட்டியலைத் தரும். இரண்டாவது, ஒவ்வொரு கமிட்டும் எந்தப் புல் ரிக்வெஸ்ட் வழியாக வந்தது என்று சொல்லும். புல் ரிக்வெஸ்டே இல்லாத கமிட் நேராகப் புஷ் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். மற்றவற்றில், எழுதியவர் அல்லாத ஒருவரின் அப்ரூவல் `mergedAt`-க்கு முன்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவை எல்லாம் விதிவிலக்குகள். அவை ஆடிட் லாகில் கிடைத்த பட்டியலோடு பொருந்த வேண்டும். பொருந்தாமல் மிஞ்சுபவைதான் உங்கள் உண்மையான வேலை. தேதியை வைத்து `git log --since` என்று எடுக்காதீர்கள். கமிட்டில் உள்ள தேதி அது உருவான தேதியே தவிர, `main`-இல் வந்து சேர்ந்த தேதி அல்ல.

காலம் தாழ்த்தாதீர்கள். ஆடிட் லாக் 180 நாட்கள்தான் இருக்கும். ஜூலை 1-இல் நடந்தது டிசம்பர் 28-ஐத் தாண்டாது. பொங்கலுக்குப் பிறகு வெளித் தணிக்கையாளர் வந்து கேட்கும்போது ஜூலை மாதத்தின் தொடக்கம் கையில் இருக்காது. தேதி கொடுக்காமல் தேடினால் கடைசி மூன்று மாதங்களை மட்டுமே அந்தப் பக்கம் காட்டும். பிராஞ்ச் விதிக்குப் பதிலாக ரூல்செட் வைத்திருப்பவர்கள் மீறல்களைப் பார்க்க நம்பியிருக்கும் ரூல் சூட் ஏபிஐயில் அதிகபட்சமாக ஒரு மாதம் வரைதான் கேட்க முடியும். மாதக் கடைசியில் ஒருமுறை எடுத்து, அட்மின்கள் கை வைக்க முடியாத இடத்தில் சேமியுங்கள்.

அடுத்த காலாண்டுக்குச் சில. பிராஞ்ச் விதியில் “Do not allow bypassing the above settings” என்பதை இயக்கிவிடுங்கள். ஆனால் ரெப்போவின் அட்மின் அந்த விதியையே திருத்த முடியும் என்பதால், நிறுவன அளவிலான ரூல்செட்டில் போடுவதே உறுதியானது. அவசரத்தில் தாண்டும் உரிமையை இருவருக்கு மேல் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கும் புல் ரிக்வெஸ்ட் வழியாக மட்டும் என்று வையுங்கள். எந்தப் பகுதியை யார் ரிவ்யூ செய்ய வேண்டும் என்று சொல்லும் `CODEOWNERS` கோப்பில் தனி ஆளின் பெயரை எழுதாமல் ஒரு குழுவின் பெயரை எழுதுங்கள். தசரா எப்போது வரும் என்பது நாட்காட்டியில் இருக்கிறது. மாலை போடுபவர் யார் என்பதும் அலுவலகத்துக்குத் தெரியும். அந்தப் பத்து நாட்களுக்கு மாற்று ரிவ்யூவர் ஒருவரை முன்கூட்டியே பழக்குவதற்கு என்ன தடை?

ரிவ்யூ செய்யும் தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். மெர்ஜ் ஆகிவிட்ட புல் ரிக்வெஸ்டை அப்ரூவ் பண்ணச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டால், அப்ரூவ் பட்டனை அழுத்தாமல் கமெண்டாக எழுதுங்கள்: மெர்ஜ் ஆன பிறகு இன்ன தேதியில் படித்தேன், இன்ன கோப்புகளைப் பார்த்தேன், இது இது சரி, இது இது சந்தேகம் என்று. சந்தேகம் இருந்தால் அதற்குத் தனி டிக்கெட் போட்டு, அதன் எண்ணையும் அந்தக் கமெண்டிலேயே சேர்த்துவிடுங்கள்.