ஸ்டாப் லாஸை எத்தனை ரூபாய் தள்ளி வைப்பது?

வாங்கிய பங்கு எந்த விலைக்கு இறங்கினால் விற்று வெளியேறுவது என்று முன்கூட்டியே குறிப்பதுதான் ஸ்டாப் லாஸ். அதை எவ்வளவு தள்ளி வைப்பது என்று முடிவு செய்ய, விலை அன்றாடம் எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் அளக்க வேண்டும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டியின் உச்சம் சுமார் 8,159, தாழ்வு சுமார் 7,584. கழித்தால் 575 புள்ளிகள். ஆனால் முந்தைய வர்த்தக நாளில் சந்தை 8,745இல் முடிந்திருந்தது. காலையில் திறந்ததே சுமார் 800 புள்ளிகள் கீழே. முந்தைய முடிவிலிருந்து அன்றைய தாழ்வு வரை அளந்தால் வீச்சு 1,160ஐத் தாண்டுகிறது. அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் மட்டும் பார்ப்பவருக்கு ஆட்டத்தில் பாதிதான் கண்ணில் படும்.

இந்த இடைவெளியையும் சேர்த்து அளப்பதுதான் உண்மை வீச்சு. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள தூரம், முந்தைய முடிவிலிருந்து உச்சம் வரை, முந்தைய முடிவிலிருந்து தாழ்வு வரை ஆகிய மூன்றில் பெரியது எதுவோ அது. 1978இல் இதை அறிமுகப்படுத்திய வெல்ஸ் வைல்டர், இதன் 14 நாள் சராசரியை ஏடிஆர் என்றார்.

500 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்குகிறீர்கள். அதன் ஏடிஆர் 8 ரூபாய். அதாவது எந்தச் செய்தியும் இல்லாமலே அது நாளொன்றுக்கு 8 ரூபாய் அளவுக்கு ஆடும். 5 ரூபாய் தள்ளி ஸ்டாப் லாஸ் வைத்தால், உங்கள் கணிப்பு சரியாக இருந்தும் வெளியேற்றப்படுவீர்கள். இரண்டு மடங்கு ஏடிஆர், அதாவது 16 ரூபாய் தள்ளி 484இல் வைப்பது பரவலான வழக்கம். சந்தை கொந்தளித்து ஏடிஆர் 20 ஆனபின் அதே 500க்கு வாங்கினால் ஸ்டாப் 460க்கு இறங்கும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். தூரம் கூடியதை எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டும். ஒரு வர்த்தகத்தில் 8,000 ரூபாய்தான் இழக்கலாம் என்றால், 16 ரூபாய் தூரத்துக்கு 500 பங்குகள். 40 ரூபாய் தூரத்துக்கு 200 பங்குகள்தான். இரண்டாவது முறையும் 500 பங்குகள் வாங்கியவர் 20,000 ரூபாயைப் பணயம் வைத்திருக்கிறார். பங்கைக் கையில் வைத்திருக்கும்போதே ஏடிஆர் கூடுகிறது என்று ஸ்டாப்பைக் கீழே இறக்குவதும் இதே தவறுதான்: எண்ணிக்கை மாறவில்லை, நட்டம் மட்டும் வளர்கிறது. எனவே வாங்கிய நாளின் ஏடிஆரையே பிடித்துக்கொண்டு, ஸ்டாப்பை மேலே மட்டும் நகர்த்துவதே என் கட்சி.

ஏடிஆர் மெதுவாகத்தான் விழித்துக்கொள்ளும். வைல்டரின் கணக்கில் நேற்றைய ஏடிஆரை 13ஆல் பெருக்கி, இன்றைய உண்மை வீச்சைக் கூட்டி, 14ஆல் வகுக்க வேண்டும். ஏடிஆர் 8ஆக இருக்கும் பங்கு ஒரே நாளில் 36 ரூபாய் ஆடினாலும் ஏடிஆர் 10க்குத்தான் ஏறும். கொந்தளிப்பின் முதல் நாளில் ஸ்டாப் அமைதிக்காலத் தூரத்திலேயே இருக்கும். அன்று பங்கு 470இல் திறந்தால், 484இல் இருந்த உங்கள் ஸ்டாப் ஆர்டர் 470ஐ ஒட்டிய விலையில்தான் விற்கும்.