மெக்கானிக்கலிலிருந்து டேட்டா அனலிசிஸுக்கு: கவர் லெட்டரில் என்ன எழுதுவது?

உற்பத்திப் பிரிவில் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு டேட்டா அனலிஸ்ட் ஆக விரும்பும் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் பலரும் கவர் லெட்டரை ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். தரவுகள் மீது தீராத ஆர்வம் என்று ஒரு வரி, பிறகு முடித்த ஆன்லைன் கோர்ஸ்களின் பட்டியல். படிப்பவருக்கு வேண்டியது அதுவல்ல. இவர் எண்களை வைத்து இதுவரை எதையாவது கண்டுபிடித்திருக்கிறாரா, ஏன் துறை மாறுகிறார், இந்த இரண்டும்தான்.

முதல் கேள்விக்குப் பதில் பழைய வேலையிலேயே இருக்கும். ஒரு சிஎன்சி லைனை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் இரவு ஷிப்டில் 44 பீஸ் ரிஜெக்ட், பகலில் 30. இரவு ஷிப்டில் கவனம் போதவில்லை என்று மீட்டிங்கில் பேச்சு எழும். ஆனால் இரவில் ஓடியது 2,000 பீஸ், பகலில் 1,200. விகிதம் பார்த்தால் இரவு 2.2%, பகல் 2.5%. ஆக, ஷிப்டில் கோளாறு இல்லை. ஒவ்வொரு ரிஜெக்டும், வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றியபின் எத்தனையாவது பீஸில் வந்தது என்று பார்த்தால், பெரும்பாலானவை 200-ஐத் தாண்டியவை. இன்சர்ட்டை மாற்றியதோ 250 பீஸுக்கு ஒருமுறை.

இதைக் கடிதத்தில் இப்படி எழுதலாம்: "ஷிப்ட் லாக் புத்தகத்தை எக்செல்லில் ஏற்றி, ரிஜெக்டை எண்ணிக்கையாகப் பார்க்காமல் விகிதமாகப் பார்த்தேன். இன்சர்ட்டை 200 பீஸுக்கு ஒருமுறை மாற்றியபின் ரிஜெக்ட் 2.3 சதவீதத்திலிருந்து 1.4 ஆனது. அதே மாதம் காஸ்டிங் லாட்டும் மாறியதால், முழுக் குறைவும் இதனால்தான் என்று சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டிவிடத்தான் பலருக்கும் கை போகும். வெட்டாதீர்கள். இரண்டு காரணங்கள் ஒன்றாக மாறினால் விளைவைப் பிரித்துச் சொல்ல முடியாது என்று தெரிந்தவர்தான் அனலிஸ்ட்.

கருவிகளைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: "பணியிடத்தில் எக்செல் மட்டுமே பயன்படுத்தினேன். எஸ்க்யூஎல்லை எட்டு மாதமாகச் சொந்தமாகப் பழகுகிறேன்." ப்ரொடக்‌ஷன் இன்ஜினியர் என்ற பதவியை டேட்டா அனலிஸ்ட் என்று மாற்றி எழுதினால், பழைய நிறுவனத்தில் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

துறை மாறும் காரணத்துக்கு இரண்டு வரி போதும். ஷிப்ட் அலுப்பையோ மேலாளரையோ குறை சொல்லாமல், "லைனை ஓட்டுவதைவிட, ஏன் நின்றது என்று தேடுவதிலேயே என் மனம் நின்றது, அதையே முழுநேர வேலையாகச் செய்ய விரும்புகிறேன்" என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால்.

வாடிக்கையாளர் பெயர், பார்ட் நம்பர் எதுவும் கடிதத்தில் வரக்கூடாது. இன்டர்வியூவில் ஃபைலைக் காட்டச் சொன்னால் நிறுவனத்தின் ஷீட்டைத் திறக்க முடியாது. அதே நெடுவரிசைகளோடு கற்பனை எண்களைப் போட்டு ஒரு மாதிரி ஷீட்டை முன்கூட்டியே தயாரித்து, அவை கற்பனை எண்கள் என்று அதன் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.